பிறந்த தேதி திருமணத்தைச் சொல்லுமா? இரு நண்பர்களின் கேள்வி பதில்

நண்பர் தம் மகளுக்கு வரன் பார்த்துக்கொண்டிருக்கிறார். பஞ்சாங்கம் பார்க்கத் தெரிந்தவர், ஜாதகத்தை நம்புகிறவர். நான் கல்லூரியில் புள்ளியியல் கற்பித்தவன், நம்பாதவன். எங்களுக்குள் திரும்பத் திரும்ப எழுந்த கேள்விகளை, கேட்டவர் யார் என்ற குறிப்புடன் இங்கே எழுதியிருக்கிறேன்.

நான் கேட்டது: பிறந்த தேதி ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டு இரண்டு பேர் வாழ்க்கை எப்படி அமையும் என்று சொல்லிவிட முடியுமா?

நண்பர்: தேதி மட்டும் போதும் என்று விவரம் தெரிந்த எந்த ஜோதிடரும் சொல்லமாட்டார். நம் ஊரில் பத்துப் பொருத்தம் என்று பார்ப்பது பெரும்பாலும் பெண், பிள்ளை இருவருடைய ஜென்ம நட்சத்திரங்களை வைத்துத்தான். ஜென்ம நட்சத்திரம் என்பது, பிறந்த வேளையில் சந்திரன் நின்ற நட்சத்திரம். வான வட்டத்தை 27 சம பாகங்களாகப் பிரித்து, அசுவினி முதல் ரேவதி வரை பெயரிட்டிருக்கிறார்கள். சந்திரன் ஒரு பாகத்தைக் கடக்கச் சராசரியாக ஒரு நாளுக்குச் சற்று மேலாகிறது. அதன் வேகம் கூடியும் குறைந்தும் வருவதால் ஏறக்குறைய 21 மணி நேரத்திலும் கடக்கலாம், 27 மணி நேரமும் எடுத்துக்கொள்ளலாம். ஆகவே பெரும்பாலான நாட்களில், நாளின் ஒரு பகுதி ஒரு நட்சத்திரத்திலும் மறுபகுதி அடுத்த நட்சத்திரத்திலும் விழும். பிறந்த நேரம் தெரியாமல் தேதியை மட்டும் கொடுத்தால் எந்த நட்சத்திரம் என்றே உறுதியாகச் சொல்ல முடியாது. பத்திரிகைகளில் பிறந்த எண், கூட்டு எண் என்று தேதியை மட்டும் கூட்டிக் கழித்துத் தம்பதிப் பொருத்தம் சொல்வதை நான் இந்தப் பேச்சில் சேர்க்கவில்லை.

நான் கேட்டது: நேரமும் தெரிந்துவிட்டால் நட்சத்திரம் ஐயத்துக்கு இடமில்லாமல் கிடைத்துவிடுமா?

நண்பர்: பெரும்பாலும் கிடைக்கும், எப்போதும் அல்ல. வாக்கியப் பஞ்சாங்கம் பழைய வாய்பாடுகளின் வழியே சந்திரனின் இடத்தைக் கணிக்கிறது. திருக்கணிதப் பஞ்சாங்கம் இன்றைய வானியல் கணக்கைப் பின்பற்றுகிறது. ஒரே நாளில் ஒரே நட்சத்திரம் முடிகிற நேரத்தை இரண்டும் வெவ்வேறாகக் குறித்திருப்பதை யார் வேண்டுமானாலும் இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்துக்கொள்ளலாம். குழந்தை அந்த இடைவெளியில் பிறந்திருந்தால் ஒரு பஞ்சாங்கப்படி ரோகிணி, மற்றொன்றின்படி மிருகசீரிடம். கோயில்களில் பெரும்பாலும் வாக்கியத்தையே பின்பற்றுகிறார்கள். கணினி வழியே எழுதப்படும் ஜாதகங்கள் பெரும்பாலும் திருக்கணிதம். எங்கள் குடும்பத்தில் வாக்கியம்தான்.

இதில் நான் ஒன்றைச் சேர்க்க வேண்டும். முந்தைய தலைமுறையில் பள்ளியில் சேர்க்கும்போது ஆசிரியர் எழுதிவைத்த தேதியே பலருக்குப் பிறந்த தேதியாக நிலைத்துவிட்டது. ஜாதகமே இல்லாதவர்களுக்குப் பெயரின் முதலெழுத்தைக் கொண்டு நாம நட்சத்திரம் பார்த்துப் பொருத்தம் சொல்லும் வழக்கமும் உண்டு. கிரகங்கள்தான் வாழ்க்கையை நடத்துகின்றன என்றால், பெற்றோர் வைத்த பெயரின் முதலெழுத்து அந்தக் கிரகங்களுக்கு எப்படிப் பதிலாக நிற்கும் என்று கேட்டேன். அது தோஷம் பார்க்காமல் மனத்திருப்திக்குச் செய்வது என்றார் நண்பர். அந்த நேர்மையை நான் மதிக்கிறேன்.

நான் கேட்டது: உங்கள் மகளுக்கு வந்த வரன் எதனால் தள்ளிப்போயிற்று?

நண்பர்: மகள் ரோகிணி, பிள்ளை அஸ்தம். படிப்பு, வேலை, குடும்பம் எல்லாம் எங்களுக்குப் பிடித்திருந்தன. ஜோதிடர் முதலில் பெண்ணின் நட்சத்திரத்திலிருந்து பிள்ளையின் நட்சத்திரம் வரை எண்ணினார். ரோகிணி நான்காவது, அஸ்தம் பதின்மூன்றாவது. இரண்டையும் சேர்த்து எண்ணினால் 10 வருகிறது. தினப் பொருத்தத்துக்கு இதை 9 ஆல் வகுக்க வேண்டும்; மீதி 1, ஆகவே அது இல்லை. ஆனால் மகேந்திரப் பொருத்தத்துக்கு 4, 7, 10 என்று மூன்று மூன்றாகக் கூடிவரும் எண்கள் நல்லவை என்பதால் அதே 10 அங்கே உத்தமமாகிவிட்டது. பெண் மனுஷ கணம், பிள்ளை தேவ கணம், பொருந்தும். யோனியில் ஒன்று பாம்பு, மற்றொன்று எருமை, பகை இல்லை. ரிஷபத்துக்கு அதிபதி சுக்கிரன், கன்னிக்குப் புதன், இருவரும் நட்பு. வேதையும் இல்லை.

இத்தனையும் இருந்தும் ரஜ்ஜு தட்டியது. 27 நட்சத்திரங்களையும் பாதம், தொடை, வயிறு, கழுத்து, சிரசு என்று ஐந்து பகுதிகளாகப் பிரிப்பார்கள். சிரசில் மிருகசீரிடம், சித்திரை, அவிட்டம் ஆகிய மூன்றும், மற்ற நான்கு பகுதிகளில் ஆறு ஆறு நட்சத்திரங்களும் இருக்கும். பெண்ணும் பிள்ளையும் ஒரே பகுதியில் விழக் கூடாது. ரோகிணியும் அஸ்தமும் கழுத்து ரஜ்ஜு. அதன் பலன் மனைவியின் ஆயுளுக்குக் கேடு என்பது. சிரசு என்றால் கணவனுக்கு, வயிறு என்றால் பிள்ளைகளுக்கு, தொடை என்றால் பொருளிழப்பு, பாதம் என்றால் ஓரிடத்தில் நிலைக்காத அலைச்சல். ரஜ்ஜு இல்லாவிட்டால் மற்றப் பொருத்தங்கள் எத்தனை இருந்தாலும் செய்ய வேண்டாம் என்பதே எங்கள் ஜோதிடரின் வழக்கம். பெற்ற மகளின் ஆயுள் என்று சொல்லிவிட்ட பிறகு எந்தத் தகப்பன் துணிவான்?

நண்பர் கேட்டது: காலங்காலமாகப் பார்த்துவருகிற ரஜ்ஜுவில் உங்களுக்கு என்னதான் சந்தேகம்?

எனக்கு அதன் எண்ணிக்கையில்தான் சந்தேகம். எல்லா நட்சத்திரங்களிலும் ஏறக்குறைய சம அளவில் மக்கள் பிறக்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். சந்திரன் ஒவ்வொன்றிலும் ஏறக்குறைய ஒரே கால அளவு தங்குவதால் இது பெரிய பிழையாகாது. பெண்ணுக்கு 27, பிள்ளைக்கு 27 என்று 729 சேர்க்கைகள் உண்டு. சிரசில் மூன்று நட்சத்திரங்கள் இருப்பதால் அங்கே 9 சேர்க்கைகள் தோஷமுள்ளவை. மற்ற நான்கு பகுதிகளில் ஒவ்வொன்றிலும் 36. மொத்தம் 153. அதாவது ஜாதகமே பாராமல் மணந்துகொண்டவர்களில் ஏறக்குறைய 21 சதவீதத்தினருக்கு, ஐந்தில் ஒரு தம்பதிக்கு, ரஜ்ஜு தட்டியிருக்கும்.

நட்சத்திரம் பாராமல் திருமணம் செய்வோர் நம்மைச் சுற்றியே பெருந்திரளாக இருக்கிறார்கள். தமிழ் முஸ்லிம்களும் கிறித்தவர்களும் பெரும்பாலும் பொருத்தம் பார்ப்பதில்லை. காதல் திருமணம் செய்துகொண்ட பலரும் பார்ப்பதில்லை. அவர்களிலும் ஐந்தில் ஒரு தம்பதி ஆயுளுக்கோ பிள்ளைகளுக்கோ பொருளுக்கோ கேடு வரும் நிலையில்தான் வாழ்ந்திருக்க வேண்டும். சொல்லப்பட்ட பலன் கண்ணுக்குத் தெரியும் அளவு வலுவானது என்றால், பொருத்தம் பார்க்கும் குடும்பங்களைக் காட்டிலும் பாராத குடும்பங்களில் இளவயது விதவைகளும் மனைவியை இழந்தவர்களும் தெளிவாக அதிகமாக இருக்க வேண்டும். ஆயுள் காப்பீட்டு நிறுவனங்கள் வயது, புகைப்பழக்கம், சர்க்கரை நோய் என்று ஆயுளைத் தொடும் எதையும் விடாமல் கேட்டுத்தான் தவணைத் தொகையை முடிவு செய்கின்றன. தம்பதியின் நட்சத்திரங்களால் அவர்களுக்கு ஒரு காசு லாபம் கிடைக்கும் என்றாலும் விண்ணப்பத்தில் அதற்கும் ஒரு கட்டம் இருந்திருக்கும்.

இன்னொன்று. ரஜ்ஜுவில் ஆரோகணம், அவரோகணம் என்று உண்டு. அசுவினியில் பாதத்தில் தொடங்கி மிருகசீரிடத்தில் சிரசுக்கு ஏறி, திருவாதிரையிலிருந்து மீண்டும் கீழே இறங்குகிற கணக்கு அது. ஒரே பகுதியாக இருந்தாலும் ஒருவர் ஏறுமுகத்திலும் மற்றவர் இறங்குமுகத்திலும் இருந்தால் தோஷமில்லை என்று கொள்ளும் ஜோதிடர்கள் இருக்கிறார்கள். அப்படிக் கொண்டால் 153 சேர்க்கைகள் 81 ஆகக் குறைகின்றன. ஐந்தில் ஒன்று ஒன்பதில் ஒன்றாகிவிடுகிறது. தோஷமுள்ள தம்பதிகளில் ஏறக்குறைய பாதிப் பேரின் ஆயுளும் பொருளும் எந்த விதியைப் பின்பற்றுகிற ஜோதிடரிடம் போனோம் என்பதைப் பொறுத்து மாறுகின்றன என்பதை என்னால் ஏற்க முடியவில்லை. உங்கள் மகளுக்கு இந்தச் சலுகை கிடையாது. ரோகிணி, அஸ்தம் இரண்டுமே ஏறுமுகம்.

நண்பர் கேட்டது: செவ்வாய் தோஷமாவது உண்மையாக இருக்கலாம் அல்லவா?

அதிலும் எண்ணிக்கைதான் இடிக்கிறது. லக்கினத்திலிருந்து 2, 4, 7, 8, 12 ஆகிய இடங்களில் செவ்வாய் இருந்தால் தோஷம் என்றால், பன்னிரண்டில் ஐந்து பேருக்கு அது இருக்கும். சந்திரனிலிருந்தும் பார்க்க வேண்டும் என்று சேர்த்தால் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பேர். அதனால்தான் ஆட்சி, உச்சம், குரு பார்வை என்று விதிவிலக்குகள் நீண்டுகொண்டே போகின்றன என்று நினைக்கிறேன். பெரும்பாலோரைத் தோஷக்காரர்களாக்கும் விதியை வைத்துக்கொண்டு எந்தச் சமூகமும் கல்யாணம் நடத்த முடியாது.

நண்பர் கேட்டது: பிறந்த தேதிக்கும் திருமணத்துக்கும் தொடர்பு உண்டா என்று யாராவது முறையாகச் சோதித்துப் பார்த்திருக்கிறார்களா?

பார்த்திருக்கிறார்கள். இங்கிலாந்தின் மான்செஸ்டர் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த டேவிட் வோவாஸ் என்ற சமூகவியலாளர் 2007 இல் வெளியிட்ட ஆய்வு இவற்றில் மிகப் பெரியது. இங்கிலாந்து, வேல்ஸ் பகுதிகளின் 2001 மக்கள்தொகைக் கணக்கெடுப்பிலிருந்து ஏறக்குறைய ஒரு கோடித் தம்பதிகளின் பிறந்த தேதிகளை எடுத்து, மேலைநாட்டுச் சூரிய ராசிகளின் 144 சேர்க்கைகளில் எவையேனும் எதிர்பார்ப்பைவிடக் கூடுதலாகவோ குறைவாகவோ வருகின்றனவா என்று பார்த்தார். இவ்வளவு பெரிய தொகையில், ஆயிரத்தில் ஒரு தம்பதியை மட்டும் ராசி சேர்த்துவைத்திருந்தால்கூடப் பத்தாயிரம் தம்பதிகள் கூடுதலாகத் தெரிந்திருப்பார்கள்.

முதலில் ஒரு சிறு வேறுபாடு தெரியவும் செய்தது: ஒரே ராசிக்காரர்கள் ஒருவரை ஒருவர் மணப்பது எதிர்பார்த்ததைவிடச் சற்று அதிகமாக இருந்தது. துருவிப் பார்த்தபோது கணக்கெடுப்புப் படிவமே அதற்குக் காரணம் என்று தெரிந்தது. வீட்டில் ஒருவரே இருவருக்கும் சேர்த்துப் படிவத்தை நிரப்பும்போது, துணையின் தேதிக்குப் பதிலாகத் தம்முடையதையே கவனக்குறைவாக எழுதியவர்கள் இருந்திருக்கிறார்கள். இத்தகைய பிழைகளைக் கழித்த பிறகு எந்தச் சேர்க்கைக்கும் தனிச் சிறப்பு எஞ்சவில்லை. சிறிய தொகையை மட்டும் பார்த்திருந்தால் இந்தப் படிவப் பிழை கண்ணில் பட்டிருக்காது என்பதால் இந்த ஆய்வை நான் பெரிதும் மதிக்கிறேன்.

நண்பர் கேட்டது: அது வெள்ளைக்காரர்களின் சூரிய ராசி. நம் சாத்திரத்தைச் சோதிக்காமல் எப்படித் தள்ளலாம்?

நியாயமான கேள்வி. அவர்களுடைய ராசிக் கணக்கு வசந்த சம இரவு நாளிலிருந்து தொடங்குகிறது. நம்முடையது நட்சத்திரங்களை ஒட்டியது. இரண்டுக்கும் இன்று ஏறக்குறைய 24 பாகை இடைவெளி. ஏப்ரல் 5 இல் பிறந்தவர் அவர்களுக்கு மேஷம். நமக்கு அது பங்குனி, சூரியன் மீனத்தில் இருக்கிறது. பிறந்த நேரம் இல்லாத கணக்கெடுப்பிலிருந்து சந்திரனின் நட்சத்திரத்தையும் உறுதியாக எடுக்க முடியாது. எனவே வோவாஸின் ஆய்வு ரஜ்ஜுவைப் பொய்யாக்கவில்லை என்பதை ஒப்புக்கொள்கிறேன்.

நம் நாட்டு ஜாதக முறையையும் சோதித்திருக்கிறார்கள். ஆனால் திருமணத்துக்காக அல்ல. வானியலாளர் ஜெயந்த் நாரளீகரும் மூடநம்பிக்கை எதிர்ப்பாளர் நரேந்திர தபோல்கரும் மற்றும் சிலரும் சேர்ந்து 2008 இல் மகாராஷ்டிரத்தில் அதை நடத்தினார்கள். படிப்பில் சிறந்த 100 பிள்ளைகள், மனவளர்ச்சி குன்றிய 100 பிள்ளைகள் ஆகியோரின் ஜாதகங்களைக் கலந்து, ஒவ்வொரு ஜோதிடருக்கும் 40 ஜாதகங்கள் அனுப்பி, எது எந்த வகை என்று சொல்லச் சொன்னார்கள். விடை அனுப்பிய 27 ஜோதிடர்கள் சரியாகச் சொன்னது 46 சதவீதம். காசைச் சுண்டியிருந்தால் 50 கிடைத்திருக்கும்.

ரஜ்ஜுவைச் சோதிக்க வேண்டுமானால் வழி எளிதாகத்தான் இருக்கிறது. ஜாதகம் பாராமல் முப்பது ஆண்டுகளுக்கு முன் மணந்து, மருத்துவமனைப் பதிவில் பிறந்த நேரமும் உள்ள தம்பதிகளைத் திரட்ட வேண்டும். கழுத்து ரஜ்ஜு என்பது 729 இல் 36, அதாவது ஏறக்குறைய இருபதில் ஒன்று. ஆயிரம் தம்பதிகளில் ஐம்பது பேர்தான் கிடைப்பார்கள். அந்த ஐம்பதில் இளவயதில் இறந்த மனைவியர் இரண்டா மூன்றா என்பதை வைத்து எதையும் சொல்லிவிட முடியாது. எனவே பல ஆயிரம் தம்பதிகள் வேண்டும். நட்சத்திரத்தைக் கணிப்பவருக்கு யார் உயிருடன் இருக்கிறார்கள் என்பது தெரியக் கூடாது; எந்தப் பஞ்சாங்கம், ஆரோகணச் சலுகை உண்டா இல்லையா என்பதையெல்லாம் முன்கூட்டியே எழுதிவைத்துவிட வேண்டும். இல்லாவிட்டால் முடிவு தெரிந்த பிறகு அதற்கேற்ற விதியைத் தேடிக்கொள்ளலாம்.

நண்பர் கேட்டது: பொருத்தம் பார்த்துச் செய்த திருமணங்கள் எங்கள் வீட்டில் எல்லாமே நிலைத்திருக்கின்றனவே?

பொருத்தம் பாராமல் செய்தவையும் நம் நாட்டில் பெரும்பாலும் நிலைத்திருக்கின்றன. 2011 கணக்கெடுப்பின்படி மணமானவர்களில் விவாகரத்துப் பெற்றவர்கள் ஒரு சதவீதத்துக்கும் மிகக் குறைவு. நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பது நிலைக்கும் இடத்தில் எந்த முறையைக் கையாண்டாலும் அது பலித்ததாகவே தோன்றும். நிலைத்திருப்பதும் மகிழ்ச்சியாக இருப்பதும் ஒன்றல்ல என்பதை நீங்களும் நானும் நம் உறவினர் வீடுகளில் பார்த்திருக்கிறோம்.

மேலும், சேர்ந்துவந்த ஜாதகம் எல்லாம் உண்மையான ஜாதகம்தானா? மூல நட்சத்திரப் பெண்ணுக்கு வரன் கிடைக்கவில்லை என்று பிறந்த நேரத்தை மாற்றி எழுதித் தந்த தரகர்களைப் பற்றி நீங்களே எனக்குச் சொல்லியிருக்கிறீர்கள். அந்தத் தம்பதிகள் நன்றாக வாழ்ந்தால் அதுவும் பொருத்தத்தின் வெற்றி என்றே எண்ணப்படுகிறது.

நான் கேட்டது: மூலத்தில் பிறந்த பெண்ணை இன்னமும் ஒதுக்குவது சரியென்று நினைக்கிறீர்களா?

நண்பர்: இல்லை. மூலம் மாமனாருக்கு ஆகாது, ஆயில்யம் மாமியாருக்கு ஆகாது, கேட்டை மூத்த மைத்துனருக்கு ஆகாது, விசாகம் இளைய மைத்துனருக்கு ஆகாது என்பதெல்லாம் வாய்வழக்கில் ஊறிவிட்டவை. ஆணுக்கு அரசாட்சியும் பெண்ணுக்கு நிர்மூலமும் ஒரே நட்சத்திரம் கொடுக்கும் என்பதை நம்புகிற எனக்கே ஏற்க முடியவில்லை.

நான் இதை எண்ணிப் பார்த்தேன். 27 இல் நான்கு நட்சத்திரங்கள் என்றால் ஏறக்குறைய ஏழு பெண்களில் ஒருத்தி. ஜப்பானில் இதற்கு ஒரு நெருங்கிய உறவு உண்டு. அங்கே அறுபது ஆண்டுக்கு ஒரு முறை வரும் 'ஹினோஎ உமா' என்ற நெருப்புக் குதிரை ஆண்டில் பிறந்த பெண் கணவனின் ஆயுளைக் குறைப்பாள் என்பார்கள். 1966 அத்தகைய ஆண்டு. முந்தைய ஆண்டில் ஏறக்குறைய 18 லட்சமாக இருந்த பிறப்புகள் அந்த ஆண்டு 13.6 லட்சமாகச் சரிந்தன; அடுத்த ஆண்டே மீண்டும் ஏறின. மகள் பிறந்துவிட்டால் அவளுக்குத் திருமணம் ஆகாதே என்று பெற்றோர் அஞ்சியதே காரணம். அந்தப் பெண்கள் கணவர்களைக் கொல்வார்கள் என்பதற்குச் சான்று எதுவும் வேண்டியிருக்கவில்லை; மற்றவர்கள் அப்படி நம்புவார்கள் என்ற எண்ணமே போதுமாக இருந்தது. பிறந்த தேதி திருமணத்தைத் தீர்மானிக்கும் என்பது இந்த ஒரு வழியில் உண்மைதான் என்று நான் ஒப்புக்கொள்கிறேன்: பார்க்கிறவர்கள் நம்பினால் அது வரனைத் தள்ளிவைக்கும்.

நண்பர் கேட்டது: சரி, இந்த அஸ்த நட்சத்திரப் பிள்ளையை நான் இப்போது என்ன செய்வது?

முதலில் இருவருடைய பிறந்த நேரத்தையும் மருத்துவமனைத் தாளில் பாருங்கள். நட்சத்திரம் மாறும் வேளையை ஒட்டியிருந்தால் இரண்டு பஞ்சாங்கத்திலும் பாருங்கள். இதை நான் நம்பிச் சொல்லவில்லை. உங்கள் மனம் அந்தச் சந்தேகத்திலேயே நின்றுவிடக் கூடாது என்பதற்காகச் சொல்கிறேன். நேரத்தைத் திருத்தி எழுதும் ஏற்பாட்டுக்கு மட்டும் போகாதீர்கள்.

அடுத்து, மாப்பிள்ளை வீட்டாரிடம் ரஜ்ஜு தட்டுகிறது என்பதை நேராகச் சொல்லுங்கள். எனக்கு உண்மையான கவலை சந்திரனைப் பற்றியதல்ல. நம்புகிற வீட்டில், கல்யாணத்துக்குப் பிறகு இது தெரியவந்தால், உங்கள் மகளுக்கு வரும் ஒவ்வொரு காய்ச்சலும் கழுத்து ரஜ்ஜுவின் கணக்கில் எழுதப்படும். நம்பாத வீடு என்றால் அந்தக் கணக்கே இருக்காது. மகளிடமும் இதைச் சொல்லி, அவளுக்குப் பயம் இருக்கிறதா என்று கேளுங்கள். இருந்தால் அவள் விருப்பப்படியே விட்டுவிடுங்கள்.

ஒன்றை நீங்கள் கவனிக்கவில்லை. உங்கள் ஜோதிடர் பார்த்த அதே இரண்டு நட்சத்திரங்கள்தான் அவர்கள் கையிலும் இருக்கின்றன. ஜாதகம் வாங்கிப் போன பிறகும் அவர்கள் பெண் பார்க்க வருகிறோம் என்கிறார்கள் என்றால், ஒன்று அவர்கள் பார்க்கவில்லை, அல்லது பார்த்தும் பொருட்படுத்தவில்லை, அல்லது வேறு பஞ்சாங்கம், வேறு விதி. இவற்றில் எது என்பதை ஒரு தொலைபேசி அழைப்பில் கேட்டுவிடலாம். நாளை ஞாயிற்றுக்கிழமை, வீட்டில் இருப்பார்கள்.